"லெவல் 1.4தானே?": லித்தியம் எடுக்கும் ஒருவரை மருத்துவமனையில் சேர்க்கப் பட்ட பாடு

"லெவல் 1.4தானே டாக்டர்? 1.5ஐத் தாண்டினால்தானே டாக்ஸிசிட்டி? வயிற்றுப்போக்குக்கு மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பிடறோம்." அவசரப் பிரிவு டியூட்டி டாக்டர் போனில் இப்படிச் சொன்னபோது எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக அடங்கவில்லை. நான் அனுப்பிவைத்த அந்த அம்மாவால் பிடிமானம் இல்லாமல் நிற்கக்கூட முடியவில்லை. அதைக் கடிதத்தில் எழுதியிருந்தேன். அவர் படித்தது ரத்தப் பரிசோதனைத் தாளை மட்டும்.

நான் சின்ன கிளினிக் நடத்தும் பொது மருத்துவன். லித்தியம் எடுப்பவர்கள் மனநல மருத்துவரிடம் வருடத்துக்குச் சில தடவை போவார்கள். காய்ச்சல், வாந்தி, மூட்டுவலி என்றால் நம்மிடம்தான் வருவார்கள். நச்சு ஏறுவதும் பெரும்பாலும் இப்படிப்பட்ட சமயத்தில்தான்.

அந்த அம்மாவுக்கு 66 வயது. இருமுனை நோய்க்காகப் பல வருடங்களாக லித்தியம், இரவில் 900 மி.கி. லெவல் எப்போது பார்த்தாலும் 0.7ஐ ஒட்டியே இருக்கும். இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பு ஒரு இடத்தில் முழங்கால் வலிக்கு டிக்ளோஃபினாக் கொடுத்திருக்கிறார்கள். இன்னொரு இடத்தில் பிரஷர் மாத்திரையை மாற்றி, ஹைட்ரோகுளோரோதயசைடு கலந்ததாக எழுதியிருக்கிறார்கள். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று இரண்டு இடத்திலும் கேட்கவில்லை. இதற்கு மேல் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது.

சிறுநீரகம் லித்தியத்தைச் சோடியம் போலவே நடத்துகிறது. உடம்பில் உப்பும் நீரும் குறைந்தால் சோடியத்தை விடாமல் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அதோடு லித்தியமும் உள்ளே திரும்பிவிடும். உப்பையும் நீரையும் வெளியேற்றும் தயசைடும் பேதியும் இந்த வழியில் லெவலை ஏற்றுகின்றன. டிக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகை வலிமாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து அதே வேலையைச் செய்கின்றன. அதாவது, இந்த அம்மா ஒரு மாத்திரைகூடக் கூடுதலாகச் சாப்பிடவில்லை. வெளியே போக வேண்டியது போகவில்லை, அவ்வளவுதான்.

மகன் அழைத்து வந்தார். "ரெண்டு நாளா வாந்தி, பேதி டாக்டர். ரொம்ப அசந்துபோயிட்டாங்க." யாராக இருந்தாலும் வயிற்று உபாதை என்றுதான் நினைப்பார்கள். சிக்கலே இங்கேதான் இருக்கிறது. பேதி லித்தியத்தை ஏற்றும்; ஏறிய லித்தியமும் பேதியை உண்டாக்கும். எது முதலில் வந்தது என்று தேடுவதில் நேரத்தைக் கழிக்க வேண்டாம். லித்தியம் எடுப்பவருக்கு வாந்தி பேதி என்றால், கை, நாக்கு, கால் மூன்றையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

கை நடுங்குகிறதே என்றேன். "அது அம்மாவுக்கு எப்பவும் இருக்கிறதுதான் டாக்டர்" என்றார் மகன். அவர் சொன்னது பொய்யில்லை. சரியான அளவில் லித்தியம் எடுப்பவர்களிலேயே நிறைய பேருக்கு விரல் நுனியில் மெல்லிய, வேகமான நடுக்கம் இருக்கும். நச்சு நடுக்கம் வேறு மாதிரி. பாதி நிரம்பிய தண்ணீர் டம்ளரைக் கையில் கொடுத்தேன். வாய்க்குக் கொண்டுபோகும் வழியிலேயே மணிக்கட்டோடு சேர்ந்து வெட்டி வெட்டி ஆடியது; தண்ணீர் புடவையில் சிந்தியது. ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொல்லிப் பழைய ஃபைலில் இருந்த கையெழுத்தோடு வைத்துப் பார்த்தேன். பழையதில் பெயரைப் படிக்க முடிந்தது. புதியதில் கோடுகள்தான் இருந்தன.

பேச்சு குழறியது, மெதுவாக ஆனால் தெளிவாகத் தெரியும்படி. நடக்கச் சொன்னேன். கால்களை அகட்டி வைத்து, சுவரைத் தேடிக்கொண்டே நடந்தார். குதிகாலை மறு கால் விரலில் ஒட்டி வைத்து நடக்கச் சொன்னபோது இரண்டாவது அடியிலேயே மகன் மேல் சாய்ந்துவிட்டார். படுக்க வைத்துப் பார்த்தால் தொடைத் தசை தோலுக்கடியில் துடித்துக்கொண்டிருந்தது. தூக்கக் கலக்கம் இருந்தாலும் கேட்ட கேள்விக்கெல்லாம் சரியாகவே பதில் சொன்னார்.

அதற்குப் பிறகு யோசிக்க ஒன்றுமில்லை. லித்தியம், வலிமாத்திரை, தயசைடு மூன்றையும் அப்போதே நிறுத்தச் சொல்லி, மருத்துவமனைக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

நான் கடைப்பிடிக்கும் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வாந்தியோ பேதியோ மட்டும் இருந்து, நடையும் பேச்சும் தெளிவாக இருந்தால், அடுத்த வேளை லித்தியத்தை நிறுத்திவைத்து அன்றைக்கே லெவலும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும், உப்புகளும் பார்க்கலாம். குடிக்கும் தண்ணீர்கூட உள்ளே நிற்கவில்லை என்றால் அவரையும் அனுப்பிவிட வேண்டியதுதான். பெரிய நடுக்கம், தள்ளாட்டம், குழறல், தசைத் துடிப்பு, குழப்பம், இதில் ஏதாவது ஒன்று புதிதாக வந்திருந்தாலும் லெவலுக்காகக் காத்திருக்கக் கூடாது. நேராக மருத்துவமனை. ரத்தத்தை அங்கே எடுத்துக்கொள்ளலாம். கூடுதல் மாத்திரைகளை ஒரேயடியாக விழுங்கியவர் என்றால், அறிகுறியே இல்லாவிட்டாலும் அனுப்ப வேண்டும். அவருக்கு லெவல் பிறகுதான் ஏறும்.

நிறுத்தச் சொன்னதும் மகன் முகம் மாறியது. "முன்னாடி ஒரு தடவை நிறுத்தினப்போ மாசக்கணக்குல தூங்காம, யாரையும் தூங்க விடாம... மறுபடியும் அது வேணாம் டாக்டர்." அந்தப் பயத்தைத் தட்டிக்கழிக்கக் கூடாது. லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால் நோய் திரும்பும் ஆபத்து உண்மையிலேயே உண்டு. ஆனால் நச்சு ஏறியிருக்கும் உடம்பில் மருந்து ஒரேயடியாகக் காணாமல் போய்விடாது. இன்னும் ஒரு வேளை கொடுத்தால் மூளைக்கு வரும் கேடு நிரந்தரமாகத் தங்கிவிடலாம். "இப்ப நிறுத்தறது நிரந்தரமா இல்லப்பா. மறுபடி எப்ப, எவ்வளவு ஆரம்பிக்கணும்னு அவங்க மனநல டாக்டர் சொல்லுவார்" என்றேன். நல்லவேளை, அந்த மருத்துவரே போனில் கிடைத்து, நிறுத்துங்கள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். மகன் சமாதானமானார்.

மருத்துவமனையில் காலை 11 மணிக்கு ரத்தம் எடுத்திருக்கிறார்கள். 1.4. மேலே சொன்ன போன் அதற்குப் பிறகுதான் வந்தது.

நான் பதிலுக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: கடைசி மாத்திரை எப்போது சாப்பிட்டார்? அவருக்குத் தெரியவில்லை. கடிதத்தில் இருந்தது. முந்தின இரவு வாந்தி எடுத்ததால் மகன் மாத்திரை கொடுக்கவில்லை. ஆக, கடைசி வேளை அதற்கும் முந்தின இரவு ஒன்பது மணிக்கு. லித்தியம் லெவல் என்று நாம் ஒப்பிடும் எண் எல்லாம் மாத்திரை போட்டு 12 மணி நேரத்தில் எடுப்பது. அந்த நேரத்தில் 0.7 இருக்க வேண்டியவருக்கு 38 மணி நேரம் கழித்தும் 1.4 நிற்கிறது என்றால் சிறுநீரகம் வெளியேற்றவில்லை என்று அர்த்தம். கிரியேட்டினினைப் படித்துக் காட்டச் சொன்னேன். 1.7, ஆறு மாதத்துக்கு முன்பு 0.9. அதோடு, நீண்ட நாள் எடுப்பவர்களுக்கு லித்தியம் மூளைக்குள் ஏறித் தங்கியிருக்கும். ரத்த லெவல் மிதமாகவோ, வயதானவர்களில் வழக்கமான அளவுக்குள்ளேயோ இருக்கும்போதுகூட நச்சு அறிகுறிகள் வரும். 1.5 என்பது அப்படியொன்றும் கோட்டைச் சுவர் இல்லை. கொஞ்சம் மௌனம். அப்புறம், "சேர்த்துக்கறோம் டாக்டர்."

சலைன் ஏற்ற ஆரம்பித்தார்கள். சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

மாலையில் அதே மருத்துவமனையிலிருந்து மறுபடி போன். இப்போது பதற்றம் அவர்கள் பக்கம். லெவல் 3.1, டயாலிசிஸுக்கு ஏற்பாடு செய்கிறோம் என்றார்கள். ஒன்றரை நாளுக்கு மேலாக மாத்திரையே உள்ளே போகவில்லை, சலைன் ஓடுகிறது, சிறுநீர் போகிறது, ஆள் காலையைவிட மோசமாகவும் இல்லை. லெவல் மட்டும் எப்படி இரட்டிப்பாகும்? "எந்த டியூப்ல எடுத்தீங்க? மூடி என்ன கலர்?" பச்சை. உள்ளே இருப்பது லித்தியம் ஹெப்பாரின். ரத்தம் உறையாமல் இருக்கப் போட்டிருக்கும் பொருளிலேயே லித்தியம் இருக்கிறது. டியூப் பாதி நிரம்பினால் பொய் எண் இன்னும் கூடும். மருந்தே எடுக்காதவரின் ரத்தத்தை அதில் ஊற்றினாலும் லித்தியம் காட்டும். சாதா சீரம் டியூபில் மறுபடி எடுக்கச் சொன்னேன். 1.3. சிறுநீரக மருத்துவரும் பார்த்துவிட்டு, இப்போதைக்கு டயாலிசிஸ் வேண்டாம், குழப்பமோ வலிப்போ வந்தால் லெவல் எதுவானாலும் உடனே கூப்பிடுங்கள் என்று எழுதிவிட்டுப் போனார். அந்த இரவு எனக்குக் கிடைத்த ஒரே திருப்தி அதுதான்.

சலைன் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பல வருடம் லித்தியம் எடுத்தவர்களில் சிலருக்குச் சிறுநீரகம் நீரைப் பிடித்துவைக்கும் திறனை இழந்திருக்கும். குடம் குடமாகச் சிறுநீர் போகும். அவர்களுக்குச் சலைன் மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் ரத்தச் சோடியம் எகிறிவிடும். இந்த அம்மாவும் வீட்டில் இரவு நாலைந்து முறை எழுந்து போகிறவர். அதைக் கடிதத்தில் எழுதியிருந்ததால் சோடியத்தைச் சில மணிக்கு ஒருமுறை பார்த்தார்கள். சிறுநீரை வரவழைக்க ஃபுரூசெமைடு போடலாமா என்று ஒருவர் கேட்டாராம். நீர் வற்றிப்போய் வந்தவருக்கா! நல்லவேளை, போடவில்லை.

அடுத்து டிஸ்சார்ஜ் தகராறு. லெவல் 0.8க்கு இறங்கியதும், நார்மல் ஆகிவிட்டது, கூட்டிப்போங்கள் என்றார்கள். மகன் போன் செய்தபோது அம்மா நடக்கிறாரா என்று கேட்டேன். கழிப்பறைக்குப் போகவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்ததாம். ரத்தத்திலிருந்து இறங்கும் வேகத்தில் மூளையிலிருந்து லித்தியம் இறங்காது. லெவல் சரியான பிறகும் தள்ளாட்டம் நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் நீடிக்கும். ஒரு சிலருக்குச் சிறுமூளைப் பாதிப்பு போகவே போகாது. விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் யார் பொறுப்பு என்று மகனையே கேட்கச் சொன்னேன். கேட்டார். வைத்துக்கொண்டார்கள்.

இப்போது அந்த அம்மா தனியாக நடக்கிறார். ஒற்றைக் கோட்டில் நடக்கச் சொன்னால் மட்டும் இன்னும் கொஞ்சம் தடுமாற்றம். கிரியேட்டினின் இறங்கிய பிறகு மனநல மருத்துவர் 450 மி.கி.யில் மறுபடி ஆரம்பித்தார். பிரஷருக்கு அம்லோடிபின், முழங்காலுக்குப் பாராசிட்டமால் என்று மாற்றிவிட்டோம். லித்தியம் லெவலுக்கு இப்போது நான் எழுதும் சீட்டில் கடைசி மாத்திரை போட்ட நேரத்தையும், "பச்சை மூடி டியூப் வேண்டாம்" என்பதையும் சிவப்பு மையில் எழுதுகிறேன். லேபில் ஒருவர், "இதெல்லாம் எங்களுக்குத் தெரியாதா டாக்டர்?" என்று கேட்டார். தெரிந்திருக்கும்தான். இருந்தாலும் எழுதுவதை நான் நிறுத்தவில்லை.