எம்டி கம்யூனிட்டி மெடிசின் ரிசல்ட் வந்தாச்சு, ஃபனல் பிளாட் கேள்வியை எப்படி எழுதலாம்னு ஜூனியர்ஸுக்கு

ரிசல்ட் வந்துடுச்சு, பாஸ். ரெண்டு நாளா தூங்கித் தூங்கியே போச்சு. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் இருக்குற ஜூனியர்ஸ் நெறைய பேர் "அக்கா எப்படிப் படிச்சீங்க"ன்னு கேக்குறாங்க. எல்லா பேப்பரையும் பத்தி எழுத எனக்குப் பொறுமை இல்ல, எபிடெமியாலஜிக்கும் நேஷனல் புரோகிராம்ஸுக்கும் உங்க சீனியர் நோட்ஸே போதும். பப்ளிகேஷன் பயஸும் ஃபனல் பிளாட்டும் பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா தியரில வந்த அதே விஷயம் வைவாலயும் வந்துச்சு, அந்தக் கால் மணி நேரம்தான் என்னைக் காப்பாத்துச்சுன்னு நான் உறுதியா நம்புறேன்.

நம்ம பக்கம் சுத்துற நோட்ஸ்ல எல்லாம் ஒரே வரிதான் இருக்கும், "ஃபனல் சமச்சீரா இல்லன்னா பப்ளிகேஷன் பயஸ்". அதை அப்படியே எழுதாதீங்க. படம் ஒரு பக்கம் சாஞ்சிருக்குன்னா முதல்ல "ஸ்மால் ஸ்டடி எஃபெக்ட்"னு எழுதுங்க, அதாவது சின்ன ஆய்வுகள் பெரிய ஆய்வுகளை விட வேற மாதிரி, பெரும்பாலும் கூடுதலா பலன் காட்டுது. படம் அவ்ளோதான் சொல்லும். அது ஏன்னு கேட்டா பப்ளிகேஷன் பயஸ் ஒரு காரணம், ஆனா ஒரே காரணம் இல்ல. இந்த ஒரு வித்தியாசத்தை முதல் வரிலயே காட்டிட்டா எக்ஸாமினர் நிமிர்ந்து உக்காருவார்.

சரி, சின்ன ஆய்வு மட்டும் ஏன் காணாமப் போகுது? வைவால நான் சொன்னது இதுதான். திருவையாறு பக்கம் எங்க பெரியப்பா ஊர்ல புது உரம் ஒண்ணு வந்தா, ஒரு மா நிலத்துல போட்டு நல்லா விளைஞ்சவர் டீக்கடையில நாலு பேர்கிட்ட சொல்வார், அதே ஒரு மாவுல போட்டு ஒண்ணும் தேறாதவர் பேசாம வீட்டுக்குப் போயிடுவார், ஆனா அஞ்சு வேலில போட்டவருக்கு விளைஞ்சாலும் விளையலன்னாலும் ஊருக்கே தெரிஞ்சிடும். ஆயிரக்கணக்கான பேரை வச்சு, பணம் கொட்டி நடத்துன டிரையல் எந்த ரிசல்ட்டா இருந்தாலும் ஜர்னல்ல வந்துடும், நூறு பேர் டிரையல் நல்ல ரிசல்ட் வந்தாதான் வெளிய வரும். அதனாலதான் ஃபனலோட கீழ்ப்பக்கத்துல ஒரு மூலை காலியாகுது.

இப்போ ஒரு கேஸ். நான் எந்தக் கேள்விக்கும் இதைத்தான் எழுதினேன், நீங்களும் இது ஒண்ணை மட்டும் முழுசா படிங்க. ஹார்ட் அட்டாக் வந்தவங்களுக்கு நரம்பு வழியா மெக்னீசியம். 1980கள்ல நடந்த சின்னச் சின்ன டிரையல்களை 1991ல ஒண்ணா சேர்த்துப் பார்த்தப்போ இறப்போட ஆட்ஸ் பாதிக்கு மேல குறையுதுன்னு வந்துச்சு. 1992ல லிமிட்-2, ரெண்டாயிரத்துச் சொச்சம் பேர், அதுலயும் பலன் இருந்துச்சு, ஆனா கம்மி, ஆட்ஸ் ரேஷியோ 0.74 கிட்ட. 1995ல ஐசிஸ்-4 வந்துச்சு, 58,000 பேருக்கு மேல, மெக்னீசியம் கொடுத்தவங்கள்ல 2216 பேர் இறந்தாங்க, கொடுக்காதவங்கள்ல 2103 பேர். பலனே இல்ல.

இதை கையால வரைஞ்சு பழகுங்க. மயிலாடுதுறை பாசஞ்சர்ல போகும்போதெல்லாம் நோட்டுக்குப் பின்பக்கம் நான் இதைத்தான் வரைஞ்சிட்டிருந்தேன். குறுக்கு அச்சுல லாக் ஆட்ஸ் ரேஷியோ, நெடுக்குல ஸ்டாண்டர்ட் எரர், ஆனா தலைகீழா, பூஜ்யம் மேல இருக்கணும். இதைத் தப்பா வரையிறவங்கதான் நெறைய பேர். ஸ்டாண்டர்ட் எரர் கணக்கு நாலு கட்டத்துல இருந்து வரும், a, c ரெண்டும் இறந்தவங்க, b, d ரெண்டும் பிழைச்சவங்க:

```
SE = sqrt(1/a + 1/b + 1/c + 1/d)
```

மூணு புள்ளி போட்டாலே கதை தெரிஞ்சிடும். 1990ல ஒரு டிரையல், மெக்னீசியம் 59 பேர்ல ஒருத்தர் இறந்தார், இன்னொரு பக்கம் 56 பேர்ல 9. ஆட்ஸ் ரேஷியோ 0.09, லாக் -2.4, ஸ்டாண்டர்ட் எரர் 1.07. அது அடில இடது மூலை. லிமிட்-2 லாக் -0.3, எரர் 0.15, அது மேல, லேசா இடது. ஐசிஸ்-4 லாக் 0.06, எரர் 0.03, உச்சில, பூஜ்யக் கோட்டை ஒட்டி. கீழ போகப் போக புள்ளிங்க இடது பக்கமே ஒதுங்குது, ஃபனலோட உச்சி ஐசிஸ்-4ன்னு எடுத்துக்கிட்டா வலது பக்கம் அடில இருக்க வேண்டிய சின்ன டிரையல்கள் ரொம்பக் கம்மி. எரரைப் பாருங்க, ஒரே ஒரு இறப்பு இருந்தா 1/a மட்டுமே 1 ஆயிடுது, அதனால ஆளை எண்ணுறதை விட இறப்பை எண்ணுறதுதான் முக்கியம்.

கம்ப்யூட்டர்ல பாக்கணும்னா ஆர்ல இந்த டேட்டா ரெடியா இருக்கு:

```r
library(metafor)
dat <- escalc(measure="OR", ai=ai, n1i=n1i,
              ci=ci, n2i=n2i, data=dat.egger2001)
res <- rma(yi, vi, data=dat)
funnel(res)
regtest(res)
```

இதுல `method="FE"`ன்னு மாத்தி ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. ஃபிக்ஸட்ல ஐசிஸ்-4 எல்லா எடையையும் இழுத்துக்கிட்டு பதில் 1 பக்கத்துல நிக்கும். ரேண்டம் எஃபெக்ட்ல சின்ன டிரையல்களுக்கு எடை கூடிடும், மெக்னீசியம் உயிரைக் காப்பாத்துதுன்னு பதில் வரும். "ஹெட்டரோஜெனிட்டி இருந்தா ரேண்டம் போடு"ன்னு மனப்பாடம் பண்ணவங்களுக்கு இது பெரிய பள்ளம், ஏன்னா சாஞ்ச ஃபனல்ல ரேண்டம் போட்டா பயஸைத்தான் ஊதிப் பெருசாக்குறீங்க. எக்ஸ்டர்னல் சார் என்கிட்ட கேட்டது இதையேதான்.

அப்புறம் அவர் விடல. "அப்போ பப்ளிகேஷன் பயஸ்னு முடிவு பண்ணிடலாமாம்மா?" முடியாது சார், ஐசிஸ்-4ல மெக்னீசியத்தை லேட்டா கொடுத்தாங்க, ரத்தக்கட்டியைக் கரைக்குற மருந்துக்கு அப்புறம்தான் போட்டாங்க, அதனால வேலை செய்யலன்னு ஒரு வாதம் இருந்துச்சு, அது உண்மைன்னா இது பயஸே இல்ல, நிஜமான வித்தியாசம்னு சொன்னேன். அதைச் சோதிக்கத்தான் மேஜிக் டிரையல், 2002, ஆறாயிரத்துக்கு மேல பேர், சீக்கிரமாவே கொடுத்தாங்க, 30 நாள் இறப்பு ரெண்டு பக்கமும் 15 சதவீதத்தை ஒட்டியே இருந்துச்சு. அந்த வாதத்துக்கு அதோட பலம் போச்சு. சந்தேகத்தைத் தீர்த்தது இன்னொரு பெரிய டிரையல்தான், ஃபனல் இல்லன்னு சொன்னப்போ அவர் பேனாவை எடுத்து மார்க் போட்டார்.

மத்ததெல்லாம் சுருக்கமா:

- சாய்வுக்கு வேற காரணங்கள்: சின்ன டிரையல்ல ரேண்டமைசேஷனும் பிளைண்டிங்கும் மோசமா இருக்கலாம், நோயாளிங்களே வேற மாதிரி இருக்கலாம், லாக் ஆட்ஸ் ரேஷியோவும் அதோட எரரும் கணக்கு ரீதியாவே ஒட்டியிருக்கலாம், தற்செயலாவும் இருக்கலாம்.
- எக்கர் டெஸ்ட் (1997): எஃபெக்ட்டை எரரால வகுத்து, அதை 1/எரர் மேல ரிக்ரெஷன். சமச்சீரா இருந்தா இன்டர்செப்ட் பூஜ்யம். ஸ்லோப்னு எழுதிட்டு வராதீங்க.
- கான்டூர் போட்ட ஃபனல் வரையத் தெரிஞ்சா வரைஞ்சிடுங்க. காலியிடம் சிக்னிஃபிகன்ட் இல்லாத பகுதில விழுந்தா பப்ளிகேஷன் பயஸ் சந்தேகம் கூடும், சிக்னிஃபிகன்ட் பகுதியிலயே காலியா இருந்தா வேற காரணம் தேடணும்.
- டிரிம் அண்ட் ஃபில் கற்பனைப் புள்ளிகளைச் சேர்க்குது. அதோட பதிலை "சரியான எஃபெக்ட்"னு எழுதாதீங்க, சென்சிடிவிட்டி அனாலிசிஸ்னு எழுதுங்க.
- பத்து ஆய்வுக்குக் கீழ இருந்தா டெஸ்ட் போடாதீங்க, பவர் இருக்காது. கேள்வில ஆறு ஆய்வு கொடுத்து "கமென்ட் ஆன் தி ஃபனல் பிளாட்"னு கேட்டா, அந்த ஆறை வச்சு சாய்வு இருக்கா இல்லையான்னே சொல்ல முடியாதுங்குறதுதான் பதில். டிரையல் ரெஜிஸ்ட்ரில பதிவாகி வெளிவராத ஆய்வு எத்தனைன்னு தேடுவேன்னு கீழ சேர்த்து எழுதுங்க, நம்ம நாட்டு டிரையலுக்கு சிடிஆர்ஐ இருக்கு.