போர்ச்சின் அடியில் 25 மில்லிமீட்டர்

12 ஜூலை 2025, சனி

தங்கை மகன் குமரன் சுங்கை சிப்புட்டில், பழைய ரப்பர் தோட்டத்து நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்ற இடத்தில் வீடு கட்டி வருகிறான். தூண்கள் எழுந்துவிட்டன, சுவர் வேலை இன்னும் தொடங்கவில்லை. திங்கட்கிழமை கார் போர்ச்சின் ஸ்லாப்புக்குக் கான்கிரீட் ஊற்றப் போவதாகச் சொல்லி, அதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடும்படி அழைத்திருந்தான்.

கம்பி கட்டிய விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 10 மில்லிமீட்டர் கம்பிகள் வரைபடத்தில் உள்ள இடைவெளியிலேயே இருந்தன. முடிச்சுகளும் இறுக்கமாக இருந்தன. ஆனால் அந்தக் கம்பி வலை முழுவதும் அச்சுப் பலகையின் மேல் நேரடியாகப் படுத்துக் கிடந்தது. இரண்டு மூன்று இடங்களில் மட்டும் உடைந்த செங்கல் துண்டுகளையும், ஓரிடத்தில் வெட்டி எறிந்த கம்பித் துண்டையும் முட்டுக் கொடுத்திருந்தார்கள். வரைபடத்தில் கம்பிக்கு அடியில் 25 மில்லிமீட்டர் கான்கிரீட், அதாவது கவர், இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. பல இடங்களில் என் அளவுகோலின் முனைகூட உள்ளே நுழையவில்லை.

கம்பியைப் பலகையிலிருந்து உயர்த்தி நிறுத்தும் கவர் பிளாக் எங்கே என்று குத்தகையாளரைக் கேட்டேன். “கான்கிரீட் ஊற்றும்போது ஆட்கள் கொக்கியால் கம்பியைத் தூக்கி விடுவார்கள் ஐயா, எப்போதும் அப்படித்தான் செய்கிறோம்” என்றார். தூக்கிய கம்பியின் மேல் அடுத்த நிமிடமே ஒருவர் காலை வைத்து நடப்பார். அது மீண்டும் பலகையில் போய் உட்காரும். கான்கிரீட்டுக்குள் மறைந்த பிறகு எது எங்கே நின்றது என்று யாராலும் சொல்ல முடியாது என்றேன். அவர் மறுக்கவில்லை, ஆனால் ஏற்றுக்கொண்ட முகமாகவும் தெரியவில்லை. குமரன், “கம்பி கான்கிரீட்டுக்கு உள்ளேதானே இருக்கப் போகிறது மாமா, கொஞ்சம் கீழே இருந்தால் என்ன?” என்று கேட்டான். வாயால் சொல்வதைவிடக் கண்ணால் காட்டுவது நல்லது என்று தோன்றியது.

13 ஜூலை 2025, ஞாயிறு

இடைநிலைப்பள்ளியில் வேதியியல் கற்பித்த நண்பரிடம் காரம் பட்டால் ஊதாச் சிவப்பாக மாறும் பினாஃப்தலின் கரைசல் கொஞ்சம் வாங்கிக்கொண்டு, குமரனுக்குத் தெரிந்த ஒருவரின் வீட்டுக்குப் போனோம். 2000ஆம் ஆண்டில் கட்டிய வீடு. போர்ச் உத்தரத்தின் அடியில் நீளவாக்கில் விரிசல் ஓடி, ஓரிடத்தில் கான்கிரீட் பெயர்ந்து விழுந்து, நீளவாக்கில் ஓடும் முதன்மைக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பி துருப்பிடித்து வெளியே தெரிகிறது. வீட்டுக்காரர் அதைப் பூசி மறைக்கத்தான் ஆள் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய அனுமதியோடு விரிசலுக்குப் பக்கத்தில் ஒரு துண்டை உளியால் தட்டி எடுத்து, தூசியைத் தூரிகையால் தட்டிவிட்டு, புதிதாக உடைந்த முகத்தில் உடனே கரைசலைத் தெளித்தேன்.

உட்பகுதி அடர்ந்த ஊதாச் சிவப்பாக மாறியது. வெளிப்புறத்திலிருந்து ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் வரை மட்டும் நிறமே வரவில்லை. வளையக் கம்பி அந்த நிறமற்ற பகுதிக்குள், மேற்பரப்பிலிருந்து 10 மில்லிமீட்டரில் இருந்தது. அதற்கு மேலே, ஊதா நிறம் வந்த பகுதிக்குள் இருந்த முதன்மைக் கம்பியைச் சுற்றிக் கொஞ்சம் தட்டிப் பார்த்தபோது அது துருவே இல்லாமல் சாம்பல் நிறத்தில் இருந்தது. ஒரே கான்கிரீட், ஒரே மழை, ஒரே வயது. ஆனால் ஒரு கம்பி அழிந்துவிட்டது, மற்றொன்று இன்றைக்கும் நலமாக இருக்கிறது.

குமரனுக்கு விளக்கியதை இங்கே எழுதி வைக்கிறேன். சிமெண்ட் நீரோடு சேர்ந்து இறுகும்போது கான்கிரீட்டின் உட்புறம் கடுமையான காரத்தன்மை பெறுகிறது. அதன் பிஎச் அளவு 12.5க்கு மேல் இருக்கும். அந்தக் காரச் சூழலில் எஃகின் மேல் மிக மெல்லிய ஓர் ஆக்சைடு படலம் உருவாகி, ஈரம் இருந்தாலும் துரு பிடிக்க விடாமல் காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக மெல்ல உள்ளே புகுந்து அந்தக் காரத்தைச் சுண்ணாம்புக் கல்லாக மாற்றுகிறது. பிஎச் 9 அளவுக்கு இறங்கியதும் படலம் குலைந்துவிடுகிறது. இதனால் கான்கிரீட்டின் வலிமை குறைவதில்லை. குறைவது கம்பிக்கு இருந்த பாதுகாப்பு. அதன்பின் ஈரமும் காற்றும் கிடைத்தால் துரு ஏறும். துரு, அது தின்ற எஃகைவிடப் பல மடங்கு இடம் கேட்பதால், சுற்றியுள்ள கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து தள்ளும். போர்ச்சின் அடிப்பக்கம் நேரடியாக நனையாமல் காய்ந்து கிடப்பதால் வாயு எளிதாக உள்ளே போகிறது. சாரலடிக்கும் நாட்களில் துருவுக்கு வேண்டிய ஈரமும் வந்துவிடுகிறது.

இதில் முக்கியமானது வேகத்தின் கணக்கு. வாயு புகும் ஆழம் ஆண்டுகளின் வர்க்கமூலத்தைப் பொறுத்துக் கூடுகிறது. இந்த வீட்டில் 25 ஆண்டுகளில் 20 மில்லிமீட்டர். 25இன் வர்க்கமூலம் 5. ஆகவே 20ஐ 5ஆல் வகுத்தால் 4 வருகிறது. அந்த 4ஐ வைத்துப் பார்த்தால், 10 மில்லிமீட்டரில் இருந்த வளையக் கம்பியின் பாதுகாப்பு ஏறத்தாழ ஆறு ஆண்டுகளிலேயே போயிருக்கிறது. 25 மில்லிமீட்டரில் இருந்திருந்தால் ஏறத்தாழ 39 ஆண்டுகள் தாங்கியிருக்கும். கவர் பாதியானால் காலம் பாதியாவதில்லை, காலாகிவிடுகிறது. கலவையில் தண்ணீரைக் கூட்டினால் அந்த 4 இன்னும் பெரிய எண்ணாகும். கவர் பிளாக்கால் அதைச் சரிசெய்ய முடியாது.

குமரன் வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே குத்தகையாளருக்குத் தொலைபேசியில் அழைத்துத் திங்கட்கிழமை லாரியை நிறுத்தச் சொல்லிவிட்டான்.

14 ஜூலை 2025, திங்கள்

குத்தகையாளர், மிச்சமிருக்கும் மணலிலும் சிமெண்டிலும் தானே பிளாக் வார்த்து நாளைக்கே வைத்துவிடுவதாகச் சொன்னார். நனைத்து முற்றவிடாத பிளாக் நசுங்கும். நசுங்காவிட்டாலும் அதன் துளைகள் வழியே ஈரம் நேராகக் கம்பிக்குப் போகும் என்றேன். செங்கல் துண்டை நான் எடுக்கச் சொன்னதும் இதே காரணத்தால்தான். கம்பித் துண்டு அதைவிட மோசம். அதன் ஒரு முனை ஸ்லாப்பின் அடியிலேயே தெரியும், துரு அங்கிருந்து தொடங்கி வலைக்குள் ஏறும். கடைசியில் பட்டணத்து ஹார்ட்வேர் கடையிலிருந்து, கட்டுக்கம்பி பதித்த 25 மில்லிமீட்டர் கான்கிரீட் பிளாக்குகளையே வாங்கினார்.

பிளாக்குகளுக்கு நடுவே விடும் இடைவெளிக்கு நான் பின்பற்றுவது கம்பி விட்டத்தின் 50 மடங்கு. எவ்வளவு தடித்த கம்பியானாலும் 1 மீட்டரைத் தாண்டக் கூடாது. 10 மில்லிமீட்டர் கம்பிக்கு அரை மீட்டர். உத்தரத்தில் பிளாக்கை முதன்மைக் கம்பியின் அடியில் கட்டத் தொடங்கினார்கள். அதை நிறுத்த வேண்டியிருந்தது. 25 மில்லிமீட்டர் என்பது மிக வெளியே இருக்கும் எஃகிலிருந்து அளப்பது. வளையக் கம்பி 8 மில்லிமீட்டர் தடிமன்; பிளாக்கை முதன்மைக் கம்பிக்குக் கொடுத்தால் வளையத்துக்கு 17தான் மிஞ்சும். நேற்றுப் பார்த்த வீட்டில் முதலில் அழிந்ததும் வளையம்தான்.

கடையில் 25 கிடைக்காவிட்டால் 45 போடலாமா என்று குமரன் கேட்டான். கூடாது. 125 மில்லிமீட்டர் ஸ்லாப்பில் கம்பியின் நடுவிலிருந்து மேற்பரப்பு வரை 95 மில்லிமீட்டர் இருக்கிறது. 45 வைத்தால் அது 75 ஆகி, ஸ்லாப்பின் தாங்கும் திறனில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும்.

17 ஜூலை 2025, வியாழன்

கான்கிரீட் ஊற்றியாயிற்று. ஆட்கள் நடக்கப் பலகைகள் போட்டிருந்தார்கள். தூணுக்கு அருகே ஒரு பிளாக் சாய்ந்ததை ஊற்றும் நேரத்தில் பார்த்தேன். கான்கிரீட்டை அதிர வைத்து இறுக்கும் வைப்ரேட்டர் அங்கே போய்விட்டதால் நிமிர்த்த முடியவில்லை. வரைபடத்தில் அந்த இடத்தைக் குறித்து வைத்தேன்.

9 ஆகஸ்ட் 2025, சனி

அச்சுப் பலகையைக் கழற்றியிருக்கிறார்கள். அடிப்பரப்பில் கம்பியின் நிழலோ துருக்கோடோ இல்லை. பிளாக்குகளின் முகங்கள் மட்டும் வெளிறிய புள்ளிகளாகத் தெரிகின்றன. பழைய அலுவலக நண்பரிடம் வாங்கிவந்த, கான்கிரீட்டுக்குள் கம்பி இருக்கும் ஆழத்தைக் காட்டும் கவர்மீட்டரை நகர்த்திப் பார்த்தபோது 24 முதல் 28 வரை காட்டியது. குறித்து வைத்த தூண் ஓரத்தில் மட்டும் 18. அங்கே கரியமில வாயுவைத் தடுக்கும் பூச்சை அடித்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கும்படி குமரனிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்தது சமையலறை உத்தரங்கள். அவற்றின் அடியில் பிளாக் கட்டியாயிற்று. பக்கவாட்டில் இன்னும் வைக்கவில்லை. செவ்வாய்க்கிழமைக்குள் வைத்துவிடுவதாகக் குத்தகையாளர் சொல்லியிருக்கிறார். பலகை அடைப்பதற்கு முன் போய்ப் பார்க்க வேண்டும்.