கொடைக்கானல் ஏரியைப் புள்ளி எண்ணி அளந்தேன்

கொடைக்கானல் ஏரி 60 ஏக்கர் என்று எல்லோரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சரிதானா என்று காகித வரைபடத்தில் நானே அளந்து பார்க்க ஆசை. என்னிடம் இந்திய நில அளவைத் துறையின் பழைய டோப்போ ஷீட் ஒன்று இருந்தது. எண் 58 F/8, அளவு 1:50,000. அதாவது தாளில் 2 செ.மீ., தரையில் ஒரு கிலோமீட்டர். அந்தத் தாளின் வடகிழக்கு மூலைக்குப் பக்கத்தில் நீல நிறத்தில் ஏரி இருக்கிறது. ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்தால் ஏறக்குறைய மறைந்துவிடும் அளவுதான்.

சதுரக் கட்டம் போட்டு எண்ணினால் கரையோரத்தில் தகராறு வரும். ஒவ்வொரு கட்டத்திலும் பாதி ஏரியா, கால் ஏரியா என்று கண்ணால் மதிப்பிட வேண்டும். அதனால் கட்டத்துக்குப் பதில் அதன் நடுவில் ஒரு புள்ளியை மட்டும் வைத்துக்கொள்வார்கள். புள்ளி ஏரிக்குள் விழுந்தால் அந்தக் கட்டம் முழுவதும் ஏரியின் கணக்கு, வெளியே விழுந்தால் இல்லை. சரியாகக் கரைக்கோட்டின் மேல் உட்கார்ந்தால் அரை. அவ்வளவுதான் விதி.

முதலில் ஓஹெச்பி ஷீட் என்ற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளைக் கிராஃப் தாளின் மேல் ஒட்டி, 2 மி.மீ.க்கு ஒரு புள்ளி வீதம் மெல்லிய பேனாவால் வைத்தேன். இந்த இடைவெளியில் கணக்கு சுலபம். தாளில் 2 மி.மீ. என்பது தரையில் 100 மீட்டர். 100 மீட்டருக்கு 100 மீட்டர் என்றால் ஒரு ஹெக்டேர். ஆக, ஒரு புள்ளிக்கு ஒரு ஹெக்டேர். பெருக்கலே வேண்டாம்.

தாளை ஏரியின் மேல் போட்டு எண்ணினேன், 27 வந்தது. எடுத்துத் திருப்பி மறுபடி போட்டேன், 22. அப்புறம் 24.5, அடுத்து 21. இரண்டு முறைக்கு நடுவே ஆறு ஹெக்டேர் வித்தியாசம் வந்தால் அதை அளவு என்று எப்படிச் சொல்வது?

காரணம் ஏரியின் வடிவத்தில் இருந்தது. 1863இல் லெவிஞ்ச் என்ற ஆங்கிலேய அதிகாரி ஓடையை மறித்து அணை கட்டி உண்டாக்கிய ஏரி இது. அணைக்குப் பின்னால் தேங்கிய தண்ணீர் பள்ளம் இருந்த பக்கமெல்லாம் ஏறி நின்றதால் நட்சத்திரம் போலக் கைகள் நீண்டிருக்கின்றன. வரைபடத்தில் சில கைகளின் அகலமே இரண்டு மூன்று மி.மீ.தான். தாளை ஒரு விதமாகப் போட்டால் புள்ளி வரிசை ஒன்று கையின் நடுவே நீளமாக ஓடுகிறது. சற்று நகர்த்தினால் அதே வரிசை கரைக்கு வெளியே போய்விடுகிறது. வட்டமான ஏரியாக இருந்திருந்தால் இதே புள்ளிகளுக்கு இவ்வளவு ஆட்டம் இருந்திருக்காது.

சரி, புள்ளிகளை நெருக்கமாக வைப்போம் என்று முடிவு செய்தேன். 1 மி.மீ. இடைவெளியைக் கையால் வைப்பது முடியாத காரியம். கணினியில் வரைந்து, கடையில் கொடுத்து ஓஹெச்பி ஷீட்டில் அச்சடித்து வாங்கினேன். இப்போது ஒரு புள்ளி தரையில் 50 மீட்டருக்கு 50 மீட்டர், கால் ஹெக்டேர். ஐந்து முறை வெவ்வேறு கோணத்தில் போட்டு எண்ணினேன். சராசரி 103 புள்ளிகள், அதாவது 25.75 ஹெக்டேர். ஏக்கரில் கிட்டத்தட்ட 64. அப்படியானால் 60 ஏக்கர் என்பது தவறு என்று எனக்குள் ஒரே பரபரப்பு.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். சர்வே வேலையில் படம் வரைபவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் காட்டினேன். என் கணக்கை அவர் பார்க்கவே இல்லை.

"தம்பி, இந்தப் புள்ளித் தாள் மேல ஸ்கேல் வச்சுப் பாத்தீங்களா?"

"இல்லீங்க ஐயா. அச்சு தானே."

"அச்சுன்னாதான் பாக்கணும்."

வைத்துப் பார்த்தோம். நூறு இடைவெளிக்கு 10 செ.மீ. இருக்க வேண்டும், 9.7 தான் இருந்தது. அச்சடிக்கும்போது `Fit to page` என்று விட்டிருக்கிறார்கள். நூற்றுக்கு மூன்று சுருக்கம் சின்னதாகத்தான் தெரிகிறது. ஆனால் பரப்பில் அது நீளத்திலும் அகலத்திலும் சேர்ந்து அடிக்கும்: 0.97 × 0.97 = 0.94. ஒவ்வொரு புள்ளியும் நான் நினைத்ததைவிட ஆறு சதவீதம் சின்ன இடத்துக்குத்தான் கணக்கு. புள்ளிகள் நெருங்கியதால் எண்ணிக்கை கூடியிருக்கிறது.

வரைபடத் தாளும் இப்படிச் சுருங்கியிருக்கலாம் என்று அவர் அதையும் சோதிக்கச் சொன்னார். அட்சரேகையில் 5 நிமிடம், அதாவது ஒரு டிகிரியில் பன்னிரண்டில் ஒரு பங்கு, இந்தப் பகுதியில் 9.22 கி.மீ. இந்தத் தாளில் 18.4 செ.மீ. இருக்க வேண்டும். இருந்தது. ஒரிஜினல் தாள் என்பதால் தப்பித்தேன். ஜெராக்ஸ் பிரதியாக இருந்தால் இந்தச் சோதனை செய்யாமல் ஒரு புள்ளிகூட எண்ணக் கூடாது.

`Actual size` என்று போட்டு மறுபடி அச்சடித்தேன். ஸ்கேல் வைத்தேன், 10 செ.மீ. சரியாக இருந்தது. இந்த முறை வரிசை வரிசையாக எண்ணி ஒவ்வொரு வரிசையின் எண்ணையும் எழுதிக்கொண்டேன். மொத்தமாக எண்ணினால் நடுவில் கண் தவறி ஒரு வரிசை விட்டுப்போகிறது. முதல் முறை உள்ளே 88, கோட்டின் மேல் 17, அதில் பாதி 8.5, ஆக 96.5. மற்ற நான்கு முறையும் 94.5, 99, 94, 99. சராசரி 96.6. கால் ஹெக்டேரால் பெருக்கினால் 24.15 ஹெக்டேர், ஏக்கரில் 59.7.

ஐந்து எண்ணும் இப்போது ஐந்து புள்ளிக்குள் அடங்கியிருந்தன. இன்னும் நெருக்கி அரை மி.மீ.க்கு ஒரு புள்ளி வைத்தால் மேலும் துல்லியமாக வருமே என்று கேட்டேன். பெரியவர் லென்ஸை எடுத்து ஏரியின் கரைக்கோட்டின் மேல் பிடித்தார்.

"இந்தக் கோடு எவ்வளவு தடிமன்னு சொல்லுங்க?"

பத்தில் ஒரு மி.மீ. இருக்கும் என்றேன். அது தரையில் ஐந்து மீட்டர். ஏரியைச் சுற்றிச் சாலை 5 கி.மீ. அளவுக்கு ஓடுகிறது, கரையும் ஏறக்குறைய அவ்வளவே. 5,000 மீட்டரை ஐந்து மீட்டரால் பெருக்கினால் 25,000 சதுர மீட்டர், இரண்டரை ஹெக்டேர். ஏரியின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு அந்தக் கோட்டுக்கு அடியிலேயே இருக்கிறது! கோட்டின் உள் விளிம்பு வரை எண்ணினால் ஒரு விடை, வெளி விளிம்பு வரை எண்ணினால் வேறு விடை. கோட்டின் மேல் விழுந்த புள்ளிக்கு அரை என்ற விதி கோட்டின் நடுவைக் கரையாக எடுத்துக்கொள்கிறது. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் வரைந்தவர் கை அந்த நடுவைச் சரியான இடத்தில் வைத்ததா என்பதைப் புள்ளிகளால் சொல்ல முடியாது. எத்தனை ஆயிரம் புள்ளி வைத்தாலும் அந்தச் சந்தேகம் அப்படியே நிற்கும்.

எனவே நோட்டில் 24.15 என்பதை அடித்துவிட்டு, "24 ஹெக்டேர், ஒன்றரை கூடலாம், ஒன்றரை குறையலாம்" என்று எழுதினேன். ஏக்கரில் 56 முதல் 63 வரை. 60 அதற்குள் இருக்கிறது. 58 ஏக்கர் என்று ஒருவர் சொன்னாலும் இந்த வரைபடத்தை வைத்து நான் மறுக்க முடியாது. மறுக்க வேண்டுமென்றால் 1:5,000 அளவில் உள்ள கிராம வரைபடம் வேண்டும். அதில் இதே தடிமனுள்ள கோடு அரை மீட்டர்தான். அது கிடைக்குமா என்று பெரியவர் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.