கோவாவில் கிடைத்த கை எலும்பு

பழைய எலும்புகளிலிருந்து டிஎன்ஏ எடுக்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ராணி கேதவானின் கதையைத்தான்.

ஜார்ஜியாவின் ககேதி நாட்டு ராணி கேதவான். மதம் மாற மறுத்ததால் 1624-இல் பாரசீக மன்னர் ஷா அப்பாஸின் ஆணைப்படி ஷிராஸ் நகரில் சித்திரவதை செய்து கொல்லப்பட்டார். அங்கிருந்த அகஸ்டீனியத் துறவிகள் அவருடைய எலும்புகளில் சிலவற்றைக் கோவாவுக்குக் கொண்டுவந்ததாகப் போர்ச்சுகீசிய ஆவணங்கள் சொல்கின்றன. பழைய கோவாவில் இடிந்து கிடந்த புனித அகஸ்டின் மடத்தில், அந்த ஆவணங்களை வைத்துத் தேடிய தொல்லியல் துறையினருக்கு 2004-இல் ஒரு கை எலும்பு கிடைத்தது.

முழு எலும்புக்கூடு இருந்தால் இடுப்பெலும்பு ஆணா பெண்ணா என்று காட்டிவிடும். பல்லும் மூட்டுகளும் வயதைச் சொல்லும். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புகள் லெஸ்டரில் 2012-இல் கிடைத்தபோது, வளைந்த முதுகெலும்பே பாதி அடையாளத்தைத் தந்துவிட்டது. உடைந்த கை எலும்பு ஒன்றிடம் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது. அதனால் டிஎன்ஏ.

இந்த வேலையில் பெரும்பாடு, பிறருடைய டிஎன்ஏ கலக்காமல் பார்ப்பதுதான். தோண்டியவர், கழுவியவர் என எலும்பைத் தொட்ட எல்லோரும் அதில் இருப்பார்கள். மேற்பரப்பைச் சுரண்டி எறிந்துவிட்டு, உள்ளிருந்து மெதுவாகத் துளையிட்டுத் தூள் எடுப்போம். வேகமாகத் துளைத்தால் சூட்டில் மிச்சமிருக்கும் டிஎன்ஏவும் சிதையும். கோவாவின் வெப்பமும் ஈரமும் ஏற்கெனவே நிறையச் சிதைத்திருக்கும். ஆய்வகத்தில் வேலை செய்வோரின் டிஎன்ஏ விவரங்களையும் கோப்பில் வைத்திருந்து, வரும் முடிவோடு ஒப்பிடுவோம்.

ஹைதராபாத்தில் உள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையமான சிசிஎம்பியின் ஆய்வாளர்கள் அந்த எலும்பின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைப் படித்தார்கள். தாய்வழியில் மட்டும் வருவது இது. ஒரு செல்லில் நூற்றுக்கணக்கான பிரதிகள் இருப்பதால் பழைய எலும்பிலும் தப்பிப் பிழைக்கும். U1b என்ற தாய்வழிப் பிரிவு வந்தது. இந்தியாவில் சேகரித்த 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளில் அது இல்லை; 30 ஜார்ஜியர்களில் இருவருக்கு இருந்தது.

முடிவை வாசிக்கும்போது நிதானம் வேண்டியது இங்கேதான். ஒருவேளை இந்தியாவில் பரவலாக உள்ள தாய்வழி ஒன்று வந்திருந்தால், 'இது ராணி அல்ல' என்று ஏறக்குறைய அடித்துச் சொல்லியிருக்கலாம். U1b வந்ததால் 'இவர்தான் ராணி' என்று அதே உறுதியோடு சொல்ல முடியாது. ஜார்ஜியாவிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் அந்தத் தாய்வழியில் வந்தவர்கள் பலர் உண்டு. ரிச்சர்டுக்கு அவருடைய சகோதரியின் தாய்வழி வாரிசுகள் இருவர் உயிரோடு இருந்தார்கள். அவர்களோடு நேரடியாக ஒப்பிட முடிந்தது. இங்கே அப்படி ஒருவரும் இல்லை. இந்த எலும்புக்குப் பலம் தருவது, ஆவணம் சொன்ன மடத்திலேயே இந்தியாவில் காணாத தாய்வழி கிடைத்த பொருத்தம். ஆய்வுக் கட்டுரையும் 'இருக்க வாய்ப்புள்ளது' என்ற அளவில் நிறுத்திக்கொண்டதை நான் மதிக்கிறேன்.

2021-இல் இந்தியா அந்த எச்சத்தின் ஒரு பகுதியை ஜார்ஜியாவிடம் ஒப்படைத்தது. இன்னும் உறுதி வேண்டுமென்றால் ஒரு வழி இருக்கிறது. கேதவானின் மகன் முதலாம் தெய்முராஸ் அலவெர்தி பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டவர். தாயின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ மகனின் எலும்பிலும் இருக்கும். அதன் முழு வரிசையும் இதோடு பொருந்தாவிட்டால், இரண்டில் ஒரு எலும்பு வேறு யாருடையதோ.