விட்டமின் நார்மல், ஹோமோசிஸ்டீன் மட்டும் 27

போன மே மாதம் எடுத்த மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் இருந்தது ஒரே ஒரு வரி. ரத்தத்தில் இருக்கும் ஹோமோசிஸ்டீன் என்ற பொருள் 27.4. பக்கத்தில் மேல்நோக்கிய அம்புக்குறி, 15-க்குள் இருக்க வேண்டும் என்ற குறிப்பு. பி12 நார்மல், ஃபோலிக் அமிலம் நார்மல், சர்க்கரை நார்மல். எனக்கு வயது 52. என் அண்ணனுக்கு 51-ல் பக்கவாதம் வந்து இன்னமும் இடது கை சரியாகத் தூக்க வரவில்லை, அதனால் இணையத்தில் இந்த வார்த்தையைத் தேடி "ரத்தக்குழாய்", "அடைப்பு", "பக்கவாதம்" என்று வரிசையாக வந்ததைப் படித்த அன்றைக்கு இரவு நான் தூங்கவே இல்லை. விட்டமின் குறைவு என்றால் மாத்திரை போட்டுச் சரிசெய்யலாம். அது நன்றாக இருக்கிறதே, அப்புறம் இது ஏன் ஏறியது என்பதுதான் என்னைக் குடைந்தது.

இதே நிலைமையில் இருக்கிறவர்களுக்கு நான் போன வழி பயன்படும் என்று நினைக்கிறேன், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

மெடிக்கல் ஷாப்பில் ரிப்போர்ட்டைக் காட்டினேன். ஃபோலிக் அமிலம் 5 மில்லிகிராம் போட்டால் இறங்கிவிடும் என்றார்கள். வாங்கப் போனவனை என் மனைவிதான் தடுத்தாள். "முதல்ல டாக்டரைப் பாருங்க, உங்க அண்ணனும் இப்படித்தான் கடையில கேட்டு மாத்திரை போட்டுட்டு இருந்தாரு." அந்த வாரமே வில்லிவாக்கத்தில் எங்கள் குடும்பம் வழக்கமாகப் போகும் மருத்துவரிடம் போனேன்.

அவர் நம்பரைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி நான் எதிர்பார்க்காதது. "ரத்தம் எங்க எடுத்தாங்க சார்?" வீட்டில்தான். காலை 6.40-க்கு ஒரு தம்பி பைக்கில் வந்து எடுத்தார், பையில் மற்ற வீடுகளின் குழாய்களோடு என்னுடையதையும் போட்டுக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார். ஐஸ் இருந்ததா என்று டாக்டர் கேட்டார். இல்லை. மே மாத வெயில், அவர் எல்லா வீடும் முடித்து லேபுக்குப் போய்ச் சேர பதினோரு மணியாவது ஆகியிருக்கும்.

விஷயம் என்னவென்றால், ரத்தத்தை எடுத்த பிறகும் குழாய்க்குள் சிவப்பணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, அவை ஹோமோசிஸ்டீனைச் சுரந்து வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சாதாரண அறை வெப்பத்தில் மணிக்குச் சுமார் பத்து சதவீதம் ஏறும். அதனால் எடுத்தவுடன் ஐஸில் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் இயந்திரத்தில் சுழற்றி அணுக்களைப் பிரித்துவிட வேண்டும். அப்படிச் செய்யாத ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு பயப்படவும் கூடாது, மருந்து தொடங்கவும் கூடாது என்றார்.

சரி என்று அடுத்த வாரம் வெறும் வயிற்றில், லேபுக்கு நேரிலேயே போனேன். போன் செய்து, சாம்பிளை அங்கேயே சுழற்றுவீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் போனேன். ஊதா மூடி போட்ட சின்னக் குழாய், அதை அந்தப் பெண் நேராக ஐஸ் துண்டுகள் நிரம்பிய தெர்மகோல் பெட்டிக்குள் செருகினார், பத்து நிமிடத்தில் உள்ளே எடுத்துப் போனார். ரிசல்ட் 18.6.

பாதி நிம்மதி. இரண்டு ரிசல்ட்டுக்கும் நடுவில் இருந்த கிட்டத்தட்ட ஒன்பது புள்ளியில் பெரும்பகுதி வெயிலும் தாமதமும் சேர்த்தது. ஆனால் 18.6-உம் நார்மல் இல்லை.

அடுத்து டாக்டர் விட்டமின் பக்கம் போனார். ரத்தத்தில் பி12 அளவு நன்றாகத் தெரிந்தாலும் செல்லுக்குள் அது வேலை செய்யாமல் இருக்கலாம் என்பதால் மெத்தில்மலோனிக் அமிலம் என்ற இன்னொரு டெஸ்ட் எழுதினார். பி12 உள்ளே போதவில்லை என்றால் அது கூடும். அதோடு சமீபத்தில் பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை, ஊசி ஏதாவது போட்டீர்களா என்று இரண்டு தடவை கேட்டார். நம் ஊரில் ஆன்டிபயாடிக் கொடுத்தாலே கூட ஒரு பி-காம்ப்ளெக்ஸும் சேர்த்துக் கொடுப்பார்கள், அதைப் போட்டுவிட்டு டெஸ்ட் எடுத்தால் குறைவு இருந்தது மறைந்துபோகும். நான் எதுவும் போடவில்லை. மெத்தில்மலோனிக் அமிலம் வர ஒரு வாரம் ஆனது, அது நார்மல். தைராய்டு குறைந்தாலும் ஹோமோசிஸ்டீன் ஏறுமாம், அதுவும் பார்த்தார், நார்மல்.

இதற்கு நடுவில், ஹோமோசிஸ்டீனை ஏற்றக்கூடிய மரபணு மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கும் எம்டிஎச்எஃப்ஆர் டெஸ்ட் எடுத்துவிடலாமா என்று நானே கேட்டேன், இணையத்தில் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். வேண்டாம் என்றார். அந்த மாற்றம் ஏராளமான பேருக்கு இருக்கும், இருக்கிறது என்று தெரிந்தாலும் செய்யப்போகிற சிகிச்சையில் ஒன்றும் மாறாது. எனக்கு அது நியாயமாகப் பட்டது.

அப்புறம் அவர் என்னுடைய மே மாத ரிப்போர்ட்டை முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தார். கிரியாட்டினின் 1.3 என்ற வரியில் விரல் நின்றது. லேப் போட்டிருந்த எல்லையும் 1.3 வரை, அதனால் அது தடித்த எழுத்தில் இல்லை. அவர் போனில் என் வயதையும் அந்த எண்ணையும் போட்டுக் கணக்குப் பார்த்தார், சிறுநீரகம் வடிகட்டும் வேகம் 66 என்று வந்தது. தொண்ணூறுக்கு மேல் இருந்தால் நல்லது, அறுபதுக்குக் கீழே போனால் நோய் என்றே சொல்லிவிடுவார்கள், நான் நடுவில் நிற்கிறேன்.

ஹோமோசிஸ்டீனுக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன சம்பந்தம்? அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். மீன், முட்டை, பருப்பு என்று எந்தப் புரதம் சாப்பிட்டாலும் அதில் மெத்தியோனின் இருக்கும், உடல் அதைப் பயன்படுத்தும்போது இடையில் வருவதுதான் ஹோமோசிஸ்டீன். பி12-உம் ஃபோலிக் அமிலமும் அதை மறுபடி மெத்தியோனினாக மாற்றும், பி6 வேறு வழியில் கரைத்துவிடும். சிறுநீரகத்தின் வேலை கொஞ்சம் குறைந்தாலே இது ரத்தத்தில் தேங்க ஆரம்பிக்கிறது. விட்டமின் நிறைய இருந்தும் எண் ஏறி நிற்பதற்கு அடிக்கடி இதுதான் காரணமாம்.

உடனே சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்க்கச் சொன்னார், காலையில் முதலில் போகும் சிறுநீரில். 48 வந்தது, 30-க்குள் இருக்க வேண்டும். காய்ச்சலோ கடும் உழைப்போ இருந்தாலும் ஏறலாம் என்று இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்தோம், 44. பிபியும் அப்போதுதான் கவனத்துக்கு வந்தது. செக்கப் அன்றைக்கு 148/94 இருந்ததை "மாடி ஏறி வந்தீங்க, அதனாலதான்" என்று நர்ஸ் சொல்ல, நானும் விட்டுவிட்டேன். வீட்டில் மெஷின் வைத்து ஒரு வாரம் காலையும் மாலையும் எழுதினேன், சராசரி 144/91.

ஏன் என்ற கேள்விக்கு இன்னொரு பகுதி என் சட்டைப்பையில் இருந்தது. நான் ராயப்பேட்டையில் அச்சகத்தில் வேலை செய்கிறேன், நாள் முழுக்க நின்றபடி. இடுப்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுவேன், வாரத்தில் நான்கைந்து நாள், ஆறேழு வருடமாக. அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை, மருந்துக் கணக்கில் அதை நான் சேர்த்ததே இல்லை. இந்த வகை வலி மாத்திரை சிறுநீரகத்துக்கு ரத்தம் போவதைக் குறைக்கும், பிபியையும் ஏற்றும். அன்றோடு நிறுத்தச் சொன்னார்.

நான் கடைசியாக ஒன்று கேட்டேன். "எல்லாம் சரி டாக்டர், அந்த ஹோமோசிஸ்டீன் என் ரத்தக்குழாயை அரிச்சுட்டுத்தானே இருக்கும்? அதை இறக்க மாத்திரை வேண்டாமா?"

அவர் அவசரப்படாமல் பதில் சொன்னார். இந்தப் பயம் தொடங்கியது 1969-ல். மெக்கல்லி என்ற அமெரிக்க நோயியல் மருத்துவர், பிறவிக் கோளாறால் ஹோமோசிஸ்டீன் மிகமிக அதிகமாக இருந்து இறந்த குழந்தைகளின் ரத்தக்குழாய்கள் வயதானவர்களுக்குப் போல தடித்திருந்ததைக் கவனித்தார். ஆனால் அந்தக் கோளாறில் எண் நூறைத் தாண்டிவிடும், என்னுடையது 18. எண் மிக அதிகமாகும்போது குழாயின் உள்சுவர் பாதிக்கும், ரத்தம் உறையும் போக்கும் கூடும். என்னைப் போல லேசாக ஏறியவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கொஞ்சம் அதிகம் வருகிறது என்பதும் உண்மைதான், ஆனால் அதை மாத்திரையால் இறக்கினால் ஆபத்து இறங்குகிறதா என்பது தனிக் கேள்வி. ஹோப்-2 என்ற ஆய்வு 2006-ல் வெளிவந்தது, ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஐந்து வருடம் ஃபோலிக் அமிலம், பி6, பி12 கொடுத்துப் பார்த்தார்கள். ஹோமோசிஸ்டீன் இறங்கியது, மாரடைப்பும் இதய மரணமும் குறையவில்லை. பக்கவாதம் மட்டும் ஓரளவு குறைந்தது. அண்ணனை நினைத்து நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அதற்கும் பதில் இருந்தது: 2015-ல் சீனாவில் பிபி நோயாளிகளிடம் ஃபோலிக் அமிலம் முதல் பக்கவாதத்தைக் குறைத்ததாகத் தெரிந்தது, அதில் ரத்தத்தில் ஃபோலிக் அமிலம் குறைவாக இருந்தவர்களுக்கே பலன் அதிகம். எனக்குக் குறைவே இல்லை. அதுவுமில்லாமல் சர்க்கரையால் சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அதிக அளவில் பி விட்டமின்கள் கொடுத்த ஒரு ஆய்வில் சிறுநீரகம் இன்னும் வேகமாகக் கெட்டது. எனக்குச் சர்க்கரை இல்லை, ஆனாலும் சிறுநீரகம் தளர்ந்திருக்கும்போது தேவையில்லாமல் அதிக டோஸ் போட வேண்டாம் என்றார்.

"உங்க ரத்தக்குழாயை அடிக்கிறது இந்த பிபிதான் சார். அதைப் பிடிப்போம்."

பிபிக்கு டெல்மிசார்டன் 40 தொடங்கினார், கெட்ட கொழுப்பான எல்டிஎல் 138 இருந்ததால் அதைக் குறைக்க ஒரு ஸ்டேடினும். டெல்மிசார்டன் தொடங்கி இரண்டு வாரத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் கட்டாயம் பார்க்க வேண்டும் என்றார், பார்த்தோம், இரண்டும் சரியாக இருந்தன. இடுப்புக்கு பிசியோதெரபி போகிறேன், வலி தாங்காத நாளில் பாரசிட்டமால். வீட்டில் ஊறுகாயும் அப்பளமும் நிறுத்தியதில் அம்மாவுக்குத்தான் வருத்தம்.

மூன்று மாதம் கழித்து, செப்டம்பரில், அதே லேப், அதே ஐஸ் பெட்டி. பிபி 128/80. சிறுநீரில் அல்புமின் 22. கிரியாட்டினின் 1.2. ஹோமோசிஸ்டீன் 15.8, ஒரு விட்டமின் மாத்திரையும் இல்லாமல். இனி அதைத் திரும்பத் திரும்ப எடுக்கத் தேவையில்லை, அல்புமினும் கிரியாட்டினினும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போதும் என்று சொல்லிவிட்டார்.

அண்ணனின் பழைய ஃபைலையும் எடுத்துப் பார்த்தேன். பக்கவாதத்துக்குப் பிறகு ஸ்கேன், கொழுப்பு, சர்க்கரை எல்லாம் இருக்கிறது, சிறுநீரில் அல்புமின் ஒரு தடவைகூட எடுத்ததில்லை. அவரும் முழங்கால் வலிக்கு அதே மாத்திரைதான் வாங்கிப் போடுகிறார். வருகிற திங்கட்கிழமை காலை அவரை அழைத்துக்கொண்டு போகிறேன்.