கவிழ்த்து வைத்த வட்டில்

தமிழ் ஐயா காலமானார் என்ற செய்தி வந்ததும் டொரண்டோவில் இருக்கும் எனக்கு அவருடைய பிரம்பு ஞாபகம் வரவில்லை. 1979-இல் அவர் கொடுத்த வீட்டுப்பாடம்தான் வந்தது. வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கதை கேட்டு எழுதி வரச் சொன்னார்.

நான் அப்பாயியிடம் நேராகவே கேட்டேன். "தாத்தா ஏன் உங்கள விட்டுட்டுப் பினாங்கு போனாங்க? ஏன் திரும்பி வரல?" முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனவர், ராத்திரி சாப்பிடவும் வரவில்லை. மறுநாள் வெறும் நோட்டோடு நின்ற என்னைப் பார்த்து வகுப்பே சிரித்தது. ஐயா சிரிக்கவில்லை. சாயங்காலம் என்னோடு வீட்டுக்கு வந்தார்.

அப்பாயி திண்ணையில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். ஐயா எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்து, தானும் ஒரு கை அள்ளி உரிக்க ஆரம்பித்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டிய சங்கடம் அப்படியே போயிற்று.

"ஏம்மா, பழைய வீட்டுல அடுப்பு எந்தப் பக்கம்?" என்று தொடங்கினார். அடுப்பு, குதிர், முற்றம் என்று அப்பாயி சொல்லிக்கொண்டே போனார். "அது புயலுக்கு முன்னாடியா, பின்னாடியா?" வருஷம் கேட்டிருந்தால் தெரியாது என்றிருப்பார். 1952 புயல் என்றதும் கூரை பறந்த ராத்திரி முழுதும் வந்துவிட்டது. "சாப்பிடும்போது யார் யார் எங்க உட்காருவீங்க?" வரிசையாகச் சொல்லி வந்தவர், "நடைப்பக்கம் ஒரு வட்டில், அத மட்டும் கவுத்தே வச்சிருப்பேன்" என்று நிறுத்தினார்.

யாருடையது என்று கேட்க வாயெடுத்தேன். ஐயா என் முழங்காலில் கை வைத்தார். நாலைந்து காய் உரித்த பிறகு, "அந்த வட்டில் இப்ப எங்கம்மா இருக்கு?" என்றார். அப்பாயி உள்ளே போய் எடுத்து வந்தார். நாகப்பட்டினத்தில் தாத்தாவை ரஜூலா கப்பல் ஏற்றிவிட்ட நாள், வந்த இரண்டு மணியார்டர், கடைசிக் கடிதம், அதிலிருந்த வேறொரு பெண்ணின் பேர் எல்லாம் அவராகவே சொன்னார். பேரைச் சொன்னதும் விரல்கள் முந்தானை நுனியைச் சுருட்டத் தொடங்கின. ஐயா உடனே மொச்சை என்ன விலை என்று கேட்டுப் பேச்சைத் திருப்பிவிட்டார்.

போகும்போது வாய்க்கால் மதகில் நின்று சொன்னார்: "ஏன்னு கேட்டா விசாரணையாயிடும், பதில் சொல்லியே ஆகணும். எங்க, எதுன்னு கேட்டா கண்ணால பாத்ததச் சொல்லுவாங்க. எதுவரைக்கும் போறதுன்னு அவங்களே முடிவு பண்ணிக்குவாங்க."

எழுதியதை அப்பாயிக்குப் படித்துக் காட்டவும் சொன்னார். அப்பாயி இரண்டு வரிகளை எடுக்கச் சொன்னார், எடுத்தேன். ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: அவர் நல்லாப் பாடுவார்.

ஊரை விட்டு வந்தபின் முப்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவிடம் சாப்பாட்டையும் மாத்திரையையும்தான் கேட்டிருக்கிறேன். போன மாதம்தான் அம்மா பிறந்த வீட்டின் அடுப்பைக் கேட்டேன். உற்சாகமாகச் சொல்லி வந்தவர் சட்டென்று நின்றார். யோசிக்கிறாரா, முந்தானையைச் சுருட்டுகிறாரா, இங்கிருந்து எனக்குத் தெரியவில்லை. நானும் ஐயாவைப் போல் பேசாமல் காத்திருந்தேன். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து அம்மா, "ஹலோ, ஹலோ" என்றார்.