கூப்பன் கணக்கு 320, உண்மையான கூடுதல் விற்பனை 170

எம்.பி.ஏ. இறுதி ப்ராஜெக்ட்டுக்கு ஒரு ஸ்கின்கேர் பிராண்டின் இன்ஃப்ளூயன்சர் பிரசாரத்தை எடுத்தேன். ஒரு சீரத்துக்கான வீடியோக்கள் அவை. வைவாவில் கேள்விகள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வந்தன: "இந்த வீடியோக்கள் வராமலே இருந்திருந்தால், எத்தனை பேர் வாங்கியிருப்பார்கள்?"

வியூஸ் இதற்குப் பதில் சொல்லாது. வீடியோவில் இன்ஃப்ளூயன்சர் தரும் தள்ளுபடிக் கூப்பன் கோடும் பாதிதான் சொல்லும். ஏற்கெனவே சீரத்தைக் கார்ட்டில் போட்டு வைத்திருப்பவர், பணம் கட்டும் நேரத்தில் தள்ளுபடி தேடி அந்தக் கோடைப் போடுவார். அவரை வாங்க வைத்தது இன்ஃப்ளூயன்சர் அல்ல. மறுபக்கம், வீடியோ பார்த்துவிட்டுப் பத்து நாள் கழித்துக் கோடு இல்லாமல் வாங்குபவர் கணக்கிலேயே வரமாட்டார். கோடு போட்டவர்களின் மொபைல் எண்களைப் பழைய ஆர்டர்களோடு ஒப்பிட்டாலே, எத்தனை பேர் பழைய வாடிக்கையாளர்கள் என்று தெரிந்துவிடும். முதலில் இதைச் செய்யுங்கள்.

நம்பத் தகுந்த வழி, சில பகுதிகளில் பிரசாரத்தை நடத்தி, மற்ற பகுதிகளை வேண்டுமென்றே விட்டுவைப்பது. கணக்கு புரிவதற்காக எளிய எண்களில் சொல்கிறேன். பிரசாரத்துக்கு முந்தைய நான்கு வாரங்களில் பிரசாரப் பகுதிகளில் 1000 ஆர்டர், விட்டுவைத்த பகுதிகளில் 800. பிரசார நான்கு வாரங்களில் அவை 1300, 880 ஆகின்றன. விட்டுவைத்த பகுதிகளே 10% வளர்ந்திருப்பதால், வீடியோ இல்லாவிட்டாலும் பிரசாரப் பகுதிகளில் 1100 வந்திருக்கும். கூடுதல் 200 மட்டுமே. கூப்பன் கோடு போட்டு வந்த ஆர்டர்களோ 320 என்று வைத்துக்கொள்வோம்.

அதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு சீரம் பாட்டில் தீர ஒன்றிரண்டு மாதம் ஆகும். அடுத்த மாதம் வாங்க வேண்டியவர், தள்ளுபடிக்காக இப்போதே வாங்கியிருக்கலாம். அடுத்த நான்கு வாரங்களில் விட்டுவைத்த பகுதிகள் 840, பிரசாரப் பகுதிகள் 1020 என்று வைத்துக்கொள்வோம். பிரசாரத்துக்கு முந்தைய 800-லிருந்து 840 என்பது 5% வளர்ச்சி, அப்படியென்றால் பிரசாரப் பகுதிகளில் 1050 வந்திருக்க வேண்டும். 30 குறைகிறது, ஆக நிகரம் 170. மொத்தச் செலவை 320-ஆல் வகுப்பதற்கும் 170-ஆல் வகுப்பதற்கும், ஓர் ஆர்டருக்கான செலவில் கிட்டத்தட்ட இரு மடங்கு வித்தியாசம்.

இந்த 170 வெறும் ஏற்ற இறக்கமாகவும் இருக்கலாம் அல்லவா? அதைச் சோதிக்க, பிரசாரமே நடக்காத பழைய மாதங்களில் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். அங்கேயும் 100, 150 என்று 'கூடுதல்' வந்தால், நீங்கள் பிரித்த பகுதிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, வேறு பகுதிகளைச் சேர்த்துப் பிரிக்க வேண்டும். வைவாவில் எனக்குக் கைகொடுத்தது இந்தச் சோதனைதான்.

ஒரு குறை இருக்கிறது. வீடியோ எல்லை பார்த்து நிற்பதில்லை. விட்டுவைத்த பகுதிகளிலும் சிலர் பார்த்திருப்பார்கள். அதனால் உண்மையான பலன் 170-ஐவிடச் சற்று அதிகமாக இருக்கலாம் என்று அறிக்கையில் எழுதிவிடுங்கள். பகுதிகளைப் பிரிப்பது பற்றிப் பிரசாரம் தொடங்கும் முன்பே நிறுவனத்திடம் பேசிவிட வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே நாளில் வீடியோ போய்விட்டால், ஒப்பிட ஒரு பகுதியும் மிஞ்சாது.